குடை விற்க 60% மழை வாய்ப்பு போதுமா?

வாசகர் கடிதம்

"எங்களுக்கு இரண்டு கடைகள். ஒன்று பேருந்து நிலையத்தின் வாசலில். மற்றது 5 கிலோமீட்டர் தள்ளி, பள்ளிகள் நடுவே குடியிருப்புப் பகுதியில். சென்ற மழைக்காலத்துக்கு 500 குடைகளும் 200 மழைக்கோட்டுகளும் வாங்கிக் கடைக்குப் பாதியாகப் பிரித்தோம். நாட்காட்டிப்படி பருவம் தொடங்கிய அன்றே 15% தள்ளுபடியும் கைபேசி விளம்பரமும் போட்டோம். 18 நாள் மழையே இல்லை. விளம்பரப் பணம் தீர்ந்தது. பேருந்து நிலையக் கடையில் 70 குடைகள் மட்டும் விற்றன. பிறகு மழை வந்தது. அங்கே முதல் நாள் 82, மறுநாள் 61, மூன்றாம் நாள் மதியத்துக்குள் 37 என்று விற்று இருப்பு முடிந்துவிட்டது. அந்த மழை மேலும் 2 நாள் நீடித்தது. பின்னர் ஒரு முறை 4 நாளும் இன்னொரு முறை 3 நாளும் பெய்தது. மற்ற கடையில் பருவம் முழுதும் 130 குடைகளே போயின, 120 மிச்சம். மழைக்கோட்டில் நான்கு அளவிலும் 50 வீதம் வாங்கினோம். நடு அளவுகள் இரண்டும் முதல் வாரத்திலேயே போய்விட, சிறியதும் மிகப் பெரியதுமாக 64 கிடக்கின்றன. ஒரு மழை நாளுக்கு 60 வீதம் 9 நாளில் 540 குடை விற்பனையை இழந்தோம், இந்த ஆண்டு 1000 வாங்கி 20% தள்ளுபடி தர வேண்டும் என்கிறார் என் கணவர். மழை வாய்ப்பு 60% தாண்டினால் விளம்பரம் தானாக ஓடும்படி அமைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாய்ச்சொல்லில் உறுதி தரும் மொத்த வியாபாரி, விளம்பரத்தில் '100% நீர் புகாதது' என்று போடச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?"

சில்லறை வணிக ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நாள்வாரியாக விற்பனையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் மொத்தக் கணக்கை மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள் என்பதால், உங்கள் கேள்விக்கு ஊகமாக அல்லாமல் கணக்காகவே பதில் சொல்ல முடிகிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், உங்கள் கணவர் நினைப்பதுபோல் சென்ற ஆண்டு நீங்கள் பாதிக்குப் பாதி குறைவாக வாங்கிவிடவில்லை. குறை கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரிய பிழை, குடைகளை வைத்த இடத்திலும் தள்ளுபடியைத் தந்த நேரத்திலும் நேர்ந்தது.

540 என்ற எண் எங்கே தவறுகிறது

மழை நாளுக்கு 60 என்ற சராசரியை மீதமுள்ள 9 நாளாலும் பெருக்கியது இயல்பான தவறு. குடை தினமும் தீர்ந்துபோகும் பொருள் அன்று; முதல் நாள் நனைந்து வாங்கியவர் இரண்டாம் நாள் உங்கள் கடையைக் கையில் குடையோடு கடந்து செல்கிறார். உங்கள் எண்களே அதைக் காட்டுகின்றன: 82 மறுநாள் 61 ஆயிற்று, அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கு. அதே வீதத்தில் போனால் மூன்றாம் நாள் முழுவதற்கும் 46 விற்றிருக்கும். மதியத்துக்குள் 37 போய்விட்டதால் அன்று நீங்கள் இழந்தது 9 அளவே. அடுத்த இரண்டு நாளில் 34, 26 என்று மேலும் 60 போயிருக்கும்.

இடையில் வெயில் அடித்து மீண்டும் மழை வரும்போது விற்பனை மறுபடி எழும். ஏனெனில் அதற்குள் சிலர் குடையைப் பேருந்தில் விட்டிருப்பார்கள், சிலருடைய குடையின் கம்பி காற்றில் மடங்கியிருக்கும், சிலர் அந்த வழியே புதிதாக வந்து போகிறவர்களாக இருப்பார்கள். ஆனால் முதல் மழையின் உயரத்துக்கு அது எழுவதில்லை. நான் வழக்கமாக முதல் மழையின் பாதியளவில் தொடங்கிக் கணக்கிடுவேன். அப்படி 4 நாள் மழைக்கு 40, 30, 22, 17 என 109 குடைகள். கடைசி 3 நாள் மழைக்கு அதிலும் பாதியில் தொடங்கி 20, 15, 11 என 46. எல்லாம் சேர்த்தால் நீங்கள் இழந்தது 224 குடைகளின் விற்பனை; 540 அன்று. பாதி, முக்கால் என்ற வீதங்கள் என் அனுபவக் கணிப்பே என்பதால் இதில் முப்பது நாற்பது கூடலாம் குறையலாம்; இருமடங்கு ஆகாது.

ஆக, பேருந்து நிலையக் கடையின் உண்மையான தேவை 250-உம் 224-உம் சேர்ந்து 474; மற்ற கடையில் 130. மொத்தம் 604. நீங்கள் வாங்கியதோ 500. குறைந்தது ஏறத்தாழ 100 குடைகள்தாம். அதே நேரத்தில், 5 கிலோமீட்டர் தள்ளி 120 குடைகள் அலமாரியில் அமர்ந்திருந்தன. தேவை ஏறக்குறைய நான்குக்கு ஒன்று என்று இருந்த இடத்தில் சரக்கைச் சரிபாதியாகப் பிரித்ததே இதற்குக் காரணம். மூன்றாம் நாள் மதியம் ஒரு வண்டி போய்வந்திருந்தால் இழப்பில் பாதியை அன்றே மீட்டிருக்கலாம்.

எத்தனை வாங்குவது, மிச்சத்தை யார் சுமப்பது

சரியாக 604 வாங்குவதா, அதற்கு மேலா, கீழா என்பதைத் தீர்மானிப்பது மழை மட்டும் அன்று. ஒரு குடை குறைந்தால் எவ்வளவு நட்டம், ஒரு குடை மிஞ்சினால் எவ்வளவு நட்டம் என்ற இரண்டின் ஒப்பீடே தீர்மானிக்கிறது. பத்திரிகை விற்பவர் காலையில் எத்தனை பிரதி எடுப்பது என்ற பழைய கணக்குதான் இது. உங்கள் கொள்முதல் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 150-க்கு விற்றால் கிடைக்கும் லாபம் 50. மிஞ்சிய குடையை அடுத்த ஆண்டுவரை வைத்திருந்தால் முடங்கிய பணம், இடம், துருப்பிடித்துக் கழிபவை எல்லாம் சேர்ந்து 20 பங்கு போகிறது என்று கொண்டால், 50-ஐ 70-ஆல் வகுக்க 0.71 வருகிறது. பத்துப் பருவங்களில் ஏழில் தீராமல் போதுமான அளவுக்கு வாங்குங்கள், மீதி மூன்றில் தீர்ந்துபோனாலும் கவலையில்லை என்பதே அதன் பொருள்.

இதைப் பயன்படுத்த, சென்ற ஆண்டு நீங்கள் பார்த்த 12 பகல் மழை நாட்கள் உங்கள் பகுதிக்குச் சாதாரணமா, குறைவா, அதிகமா என்று கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் மழைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணம் என்றால் தேவைக்குமேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 660 அளவில் இருப்பு இருக்கலாம். கையில் உள்ள 120-இல் 110 தேறினால், புதிதாக வாங்க வேண்டியது 550. சென்ற ஆண்டே அதிகமாகப் பெய்த ஆண்டு என்றால் அதற்கும் கீழே நில்லுங்கள். 1000 என்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இங்கேதான் மொத்த வியாபாரியின் வாய்ச்சொல் முக்கியமாகிறது. மிச்சத்தை அவர் உண்மையிலேயே திரும்ப எடுத்தால் ஒரு குடை மிஞ்சுவதன் நட்டம் 20-இலிருந்து வண்டிக்கூலி அளவான 5-க்கு இறங்கும். அப்போது 50-ஐ 55-ஆல் வகுக்க 0.91 வருகிறது, நீங்கள் துணிந்து கூடுதலாக வாங்கலாம். ஆனால் அந்த உறுதி எழுத்தில் இல்லையென்றால் உங்களைக் கூடுதலாக வாங்க வைப்பதற்கு அது வெறும் தூண்டில். இப்படிப்பட்ட வாக்குறுதிகள் பொய்யாவதைவிடத் தேய்ந்துபோவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்: "எடுத்துக்கொள்கிறேன், ஆனால் பணமாக அல்ல, வேறு சரக்காக" என்பார், "உறை பிரிக்காதவை மட்டும்" என்பார், "பருவம் முடிந்து பத்து நாளுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்பார். எனவே கொள்முதல் ஆணையிலேயே நான்கு விவரங்களை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை விழுக்காடு வரை திருப்பலாம், எந்தத் தேதிக்குள், எந்த நிலையில், பணமாகவா வரவுச் சீட்டாகவா. அவர் எழுதித் தர மறுத்தால் கோபப்பட வேண்டியதில்லை; 0.71-ஐ வைத்துக்கொண்டு 550 வாங்குங்கள், அவ்வளவே.

மழைக்கோட்டுக்கு இதே கணக்கைக் கடுமையாகப் போட வேண்டும். மடித்து வைத்த பிளாஸ்டிக் கோட்டு வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. துணியின் உட்புறம் பூசிய பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் சிதைந்து, சில ஆண்டுகளில் தோல் உரிவதுபோல் உதிர்கிறது. மிஞ்சினால் நட்டம் 40 பங்கு என்று வைத்தால் விகிதம் 0.56 மட்டுமே. ஆகவே கோட்டை மொத்த எண்ணிக்கையில் கூட்ட வேண்டாம். அளவுப் பிரிவை மட்டும் மாற்றுங்கள். வண்டி ஓட்டுபவர் உடுத்திய உடைக்கு மேலே, சில வேளை தோள் பைக்கும் மேலே அணிவதால் தன் சட்டை அளவுக்கு ஒரு படி பெரியதையே எடுக்கிறார். அதனால் சிறிய அளவு நின்றுபோவதில் வியப்பில்லை. 64 மிஞ்சின என்பதைவிட, நடு அளவுகள் இரண்டும் ஒரே வாரத்தில் தீர்ந்தன என்பதே பெரிய செய்தி. 64-ஐ இந்தப் பருவத்துக்குச் சிறிய, மிகப் பெரிய அளவுகளின் இருப்பாகவே வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குவதை நடு இரண்டு அளவுகளில் மட்டும் வாங்குங்கள். இன்னொன்று எனக்கு உறுத்துகிறது: பள்ளிகளுக்கு நடுவே உள்ள கடையில் குழந்தைகளுக்கான கோட்டு ஒன்றுகூட இருந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. உயரத்தை வைத்து அளவு பிரித்த, முதுகில் புத்தகப் பைக்கு இடம் விட்ட கோட்டுகளைச் சிறு எண்ணிக்கையில், நாற்பது ஐம்பது போலப் போட்டுப் பாருங்கள்.

60% என்பது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

முன்னறிவிப்பில் வரும் மழை வாய்ப்பு பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. 60% என்றால் நாளின் 60% நேரம் பெய்யும் என்றோ, ஊரின் 60% பகுதியில் பெய்யும் என்றோ பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், இப்படி 60% என்று சொன்ன நாட்களில் பத்துக்கு ஆறு நாள் அந்த இடத்தில் அளக்கக்கூடிய மழை பெய்யும் என்பதே. அளக்கக்கூடிய மழை என்பது மிகச் சிறியது. அமெரிக்க வானிலைச் சேவையின் கணக்கில் 0.25 மி.மீ. போதும். சட்டைத் தோளை லேசாக நனைத்துவிட்டு ஓயும் தூறலும் அதில் அடங்கும். அதற்காக யாரும் குடை வாங்குவதில்லை. எவ்வளவு பெய்யும் என்பதையும் எந்த மணிக்குப் பெய்யும் என்பதையும் அந்த ஒற்றை எண் சொல்வதில்லை. உங்களுக்கோ மணிதான் உயிர். நள்ளிரவில் கொட்டித் தீர்த்து விடியலில் ஓய்ந்த 40 மி.மீ. மழையைவிட, அலுவலகம் விடும் வேளையில் அரைமணி நேரம் பெய்த 5 மி.மீ. மழை பேருந்து நிலைய வாசலில் அதிகக் குடைகளை விற்கும். எனவே நாளுக்கான எண்ணைப் பார்க்காமல், மணிவாரி முன்னறிவிப்பில் காலை 7 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் உள்ள பகுதியைப் பாருங்கள்.

வெயிலில் சூடேறி மாலையில் இடியோடு எழும் மழை ஒரு கடையில் கொட்டி, 5 கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்றதைத் தொடாமலே போகலாம்; அத்தகைய மழையைச் சில மணி நேரத்துக்கு முன்னால் இடம் சொல்லிக் கணிப்பது கடினம். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி கொண்டுவரும் நாள்கணக்கான மழை வேறு வகை. அதன் வருகையை மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே ஓரளவு நம்பலாம். பத்து நாளுக்கு அப்பால் குறிப்பிட்ட நாளில் மழை என்று காட்டும் எந்தச் செயலியையும் கொள்முதலுக்கு நம்ப வேண்டாம்.

எல்லா வேலைக்கும் ஒரே 60% என்பது இன்னொரு பிழை. ஒரு செயலின் செலவை, அதைச் செய்யாமல் விட்டால் வரும் இழப்பால் வகுத்தால், அந்தச் செயலுக்கு எத்தனை விழுக்காடு போதும் என்பது தெரிந்துவிடும். மற்ற கடையிலிருந்து ஒரு கட்டுக் குடைகளை வண்டியில் கொண்டுவர இரண்டு குடைகளின் லாபம் செலவாகிறது என்று கொள்வோம். கொண்டுவராமல் மழை பெய்துவிட்டால் இருபது குடைகளின் லாபம் போகும். 2-ஐ 20-ஆல் வகுத்தால் 10%. அதாவது மழை வாய்ப்பு 20%, 30% என்று இருந்தாலே குடைகளை நகர்த்திவிடுவது லாபம். காசு கொடுத்து ஓட்டும் விளம்பரத்துக்கு அந்த எல்லை உயரும். ஒரு நாள் விளம்பரத்துக்கு 10 குடைகளின் லாபம் செலவாகி, அதனால் கூடுதலாக வரும் விற்பனை 15 தான் என்றால், 67%-க்குக் கீழே அதைத் தொடவே கூடாது. இதனால்தான் சரக்கு நகர்வு மழைக்கு மூன்று நாள் முன்பும், விளம்பரம் முந்தைய மாலையும் நடக்க வேண்டும் என்கிறேன்.

தானாக ஓடும் விளம்பரம்

அமைத்துத் தருபவர் சொல்வது தொழில்நுட்ப அளவில் முடியும்; ஆனால் உங்கள் அளவுள்ள கடைக்கு அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, விளம்பரம் போட்டவுடன் ஓடாது. மெட்டா, கூகுள் இரண்டிலும் அது சரிபார்ப்புக்குப் போகிறது, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்தாலும் சில வேளை நீளும். மழையைப் பார்த்துவிட்டுப் படம் தயாரித்துப் போட்டால் அனுமதி வரும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பருவத்துக்கு முன்பே போட்டு, அனுமதி வாங்கி, நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டாவது, மெட்டாவின் ஏற்பாடு யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்களை எதிர்பார்க்கிறது. ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி மீண்டும் தொடங்கினால் கற்றல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மழைக்கு மழை திறந்து மூடும் சிறிய விளம்பரம் பருவம் முழுதும் கற்றுக்குட்டியாகவே இருந்து முடிந்துவிடும். மூன்றாவது, கூகுளில் நீங்கள் எழுதும் நாள் தொகை சராசரிதான்; மாதக் கணக்கில் ஈடுகட்டிக்கொண்டாலும், ஒரு தனி நாளில் அது இருமடங்குவரை செலவழிக்கலாம். நிறுத்துவதையும் தானியங்கியிடமே விட்டுவிட்டு, நிறுத்தும் விதியை எழுத மறந்தவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய கேள்வி, எந்தக் கடைக்கு விளம்பரம் தேவை என்பது. பேருந்திலிருந்து இறங்கி நனைந்தபடி ஓடுபவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொள்கிறார். அவர் கண்ணில் படுவது உங்கள் வாசல்தான். அந்தக் கடைக்குக் கைபேசி விளம்பரத்தை முற்றிலும் விட்டுவிடலாம். வானம் கறுத்ததும் மூன்று மடிப்புக் குடைகள் அடங்கிய நிறுத்தியை வாசலுக்கு நகர்த்துவதும், ஒரு குடையை விரித்துக் கட்டித் தொங்கவிடுவதும், தொலைவிலிருந்து படிக்கும்படி ஒரே விலையைப் பெரிதாக எழுதுவதும், சில்லறையைத் தயாராக வைப்பதுமே அங்கே விளம்பரம். முன்னொரு காலத்தில் நான் பணிபுரிந்த ஒரு கடையில் அடைமழை நாளில் பெருந்தொகை கொடுத்து விளம்பரம் ஓட்டிவிட்டுக் காத்திருந்தோம்; குடைகள் கடைசி வரிசையில் இருந்தன, வாசலில் தேங்கிய நீரைத் தாண்டி உள்ளே வந்தவர்களோ ஒதுங்க வந்தவர்கள். விளம்பரம் பார்த்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

மழைக்கோட்டு அப்படியன்று. அது யோசித்து, அளவு பார்த்து, பல வீடுகளில் இருவர் பேசி வாங்கும் பொருள். முதல் மழையில் நனைந்து வீடு திரும்பிய இரவும் மறுநாள் காலையும் அந்த யோசனை எழுகிறது. எனவே கைபேசி விளம்பரத்தைக் குடியிருப்புக் கடைக்கு மட்டும், அதைச் சுற்றி 2 அல்லது 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள், கோட்டுக்காக மட்டும், முதல் மழைக்கு முந்தைய மாலையும் அது பெய்த அன்றிரவும் ஓட்டுங்கள். எந்த அளவுகள் இருக்கின்றன என்பதை விளம்பரத்திலேயே எழுதுங்கள். தானியங்கி வேண்டாம், பருவத்தில் மழை நான்கைந்து முறைதான் தொடங்கப்போகிறது, அத்தனை முறை நீங்களே கையால் திறந்து மூடலாம்.

கடும் மழை எச்சரிக்கையோ வெள்ளமோ அறிவிக்கப்பட்டால் விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள். வெளியே வராதீர்கள் என்று நிர்வாகம் சொல்லும்போது கடைக்கு வாருங்கள் என்று சொல்வதும், அரசின் எச்சரிக்கை போலவே தோற்றமளிக்கும் படத்தில் குடை விற்பதும் கடையின் பெயரைக் கெடுக்கும்.

தள்ளுபடியும் வாசகமும்

மழை பெய்யும்போது குடைக்குத் தள்ளுபடி தேவையே இல்லை. நனைபவர் விலையைவிட வேகத்தையே பார்க்கிறார். வறண்ட 18 நாளில் 15% குறைத்து விற்ற 70 குடைகளில் பெரும்பகுதி, மூன்று வாரம் கழித்து முழு விலைக்கே போயிருக்கும். லாபம் 50 பங்கு உள்ள பொருளில் விற்பனை விலையான 150-க்கு 20% தள்ளுபடி என்றால் 30 பங்கு குறைகிறது; கையில் நிற்பது 20. அதே லாபம் வர இரண்டரை மடங்கு குடைகள் விற்க வேண்டும். தள்ளுபடியைப் பருவத்தின் கடைசி மழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒப்பிட வேண்டியது, மிஞ்சினால் நேரும் 20 பங்கு நட்டத்தோடு. பருவம் தொடங்கும்முன் விலையை ஏற்றிவிட்டுப் பின் குறைத்துக் காட்டும் பழக்கம் சந்தையில் உண்டு. அது வாங்குபவரை ஏமாற்றுவது, புகார் வந்தால் பழைய பில்லே சாட்சியாகிவிடும்.

"100% நீர் புகாதது" என்பதைப் போடாதீர்கள். அச்சிட்டு வெளியிடுவது உங்கள் கடை. நனைந்தவர் தேடி வருவதும் உங்களைத்தான், மொத்த வியாபாரியை அன்று. கோட்டில் துணி நீரைத் தடுத்தாலும், ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வழி. உள்ளே தையல்மேல் ஒட்டுப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கோட்டின் உட்புறத்தை வெளியே திருப்பி, அக்குள் தையல் அடியில் வரும்படி ஒரு பை போலப் பிடித்து, அரை லிட்டர் நீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். அடியில் முத்து முத்தாகக் கசிந்தால் அது தூறலுக்கு உகந்த கோட்டு. வண்டியில் நீண்ட தூரம் போகிறவருக்கு விற்கக் கூடாது. கசியாவிட்டால் "தையல்கள் உட்புறம் பட்டை ஒட்டப்பட்டவை" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வாங்குகிறவர்களுக்கு அந்த வரி 100%-ஐவிட நம்பத்தக்கதாக இருக்கும்.

விளம்பரம் விற்றதா, மழை விற்றதா

மழை நாளில் விளம்பரம் ஓட்டி, அன்று விற்ற அத்தனையும் விளம்பரத்தால்தான் என்று கணக்குக் காட்டுவது இத்துறையில் எளிதான வித்தை. அமைத்துத் தருபவர் அப்படி ஓர் அறிக்கையோடு வந்தால் வியக்காதீர்கள். ஒரு முறை மழை வரும்போது குடியிருப்புக் கடைக்கு விளம்பரம் ஓட்டுங்கள், அடுத்த முறை நிறுத்திவிடுங்கள். பேருந்து நிலையக் கடையில் எப்போதும் விளம்பரம் இல்லையாதலால் மழையின் பங்கை அது காட்டும். இரு கடைகளின் கோட்டு விற்பனை விகிதம் விளம்பரம் ஓடிய முறைகளில் மாறுகிறதா என்று பாருங்கள். ஒரே பருவத்தில் கிடைக்கும் நான்கு முறை, முடிவு கட்டப் போதாது. பெரிய வேறுபாடு இருந்தால் மட்டும் கண்ணில் படும். உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மழை எந்த மணியில் பெய்தது, கடை மூடும்போது எத்தனை இருப்பு. இருப்பு பூச்சியமான நாளின் விற்பனையைத் தேவை என்று எண்ணக் கூடாது. சென்ற ஆண்டுக் கணக்கில் என்னை அதிகம் வேலை வாங்கியது அந்த இடம்தான்.

இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அந்த 120 குடைகளை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பது. தண்டில் ஏறி இறங்கும் வளையத்தில் துருவின் சொரசொரப்பு தெரிகிறதா, விரித்ததும் பிடிப்பு நிற்கிறதா, கம்பிகளின் நுனியில் துணி தைத்த நூல் இற்றிருக்கிறதா, மடிப்பு விழுந்த கோடுகளில் நிறம் வெளுத்திருக்கிறதா என்பவை போதும். வெளுத்தவற்றைத் தனியே வைத்துக் கடைசி மழைத் தள்ளுபடிக்கு ஒதுக்குங்கள்; பிடிப்பு நிற்காதவற்றை விற்க வேண்டாம். தேறியவை எத்தனை என்று எண்ணிய பிறகே மொத்த வியாபாரிக்கு எண்ணிக்கை சொல்லுங்கள். தேறியவையும் புதிதாக வருகிறவையும் சேர்ந்த மொத்தத்தில் 400-ஐப் பேருந்து நிலையக் கடைக்கும் 120-ஐக் குடியிருப்புக் கடைக்கும் கொடுத்துவிட்டு, மீதியைக் கட்டுப் பிரிக்காமல் வையுங்கள். எழுத்தில் திருப்பும் உரிமை கிடைத்திருந்தால் அந்தக் கட்டுகளைத்தான் அவர் திரும்ப எடுப்பார்.